இடது கைக் கையெழுத்து

கொலைகாரன் கத்தியோடு துரத்தினாலும், ஏறித் தப்பிக்கிற டாக்ஸியில் ரசீது வாங்காமல் இறங்க மாட்டான் என்று பில்லுவைப் பற்றி சர்வீஸ் டிபார்ட்மெண்டில் ஒரு கேலி உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்தக் கேலி அப்படியே நடந்தது. கத்திக்குப் பதில் இரும்புக் குழாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

பில்லுவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஒரு டீ குடித்தால்கூடக் கடைக்காரனிடம் துண்டுச் சீட்டு கேட்டு வாங்கி, சட்டைப்பையில் மடித்து வைப்பான். பத்து வருஷமாக ஏர் கம்ப்ரெஸர் மெக்கானிக். அவன் கம்பெனி தொழிற்சாலைகளுக்கு ஏர் கம்ப்ரெஸர்களை வாடகைக்கு விடும். வாடகை கட்டாதவர்களின் மெஷினுக்குப் பூட்டுப் போட மெக்கானிக்கை அனுப்பும். பூட்டு என்றால் சாவி போட்டுப் பூட்டுவதில்லை. மெஷினின் முகப்பில் சின்னத் திரை இருக்கும், அதில் நாலு எண்ணை அடித்துவிட்டால் மெஷின் கப்சிப். அதே எண்ணைத் திரும்ப அடிக்கிற வரைக்கும் அது வெறும் இரும்பு.

அன்று போன இடம் பிளாஸ்டிக் பாட்டில் ஊதும் தொழிற்சாலை. காற்று இல்லையென்றால் அங்கே ஒரு பாட்டில்கூட உப்பாது. கூடவே வந்தவன் உதவி மெக்கானிக்காக இருந்த மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. வேலையில் சேர்த்துவிட்டதே பில்லுதான். மெஷின் அடங்கியதும் கூடத்தில் இருந்த அத்தனை சத்தமும் ஒவ்வொன்றாகச் செத்தது. இரண்டு மாதமாகச் சம்பளம் வாங்காத தொழிலாளர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வாசல் ஷட்டரை யாரோ இறக்கினார்கள்.

முதல் அடி பில்லுவின் முதுகில் விழுந்தது. எதனால் அடித்தார்கள் என்று பார்ப்பதற்குள் தரையில் கிடந்தான். ஒருவன் அவன் விரல்களின் மேல் ஏறி நின்றான். இன்னொருவன் விலா எலும்பில் உதைத்தான், உதைத்துவிட்டு மூச்சு வாங்கினான், மறுபடி உதைத்தான். மச்சினனைச் சுவரோடு சேர்த்து இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். ஃபோர்மேன் கையில் குழாயோடு வந்தான். நரைத்த மீசை, எண்ணெய்க் கறை படிந்த பனியன், அவசரமே இல்லாத நடை.

"நம்பரைச் சொல்லு," என்றான்.

"எனக்குத் தெரியாது. ஆபீஸ்லதான் தெரியும்," என்றான் பில்லு.

"நீ அடிச்சதை நான் பார்த்தேன். விரல் நாலு தடவை போச்சு. சொல்லு, உங்க ரெண்டு பேரையும் நானே பஸ் ஏத்தி விடறேன்."

நம்பரைச் சொன்னால் வேலை போய்விடும். அது கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பில்லு வாயை இறுக்கி மூடிக்கொண்டான். ஃபோர்மேன் மச்சினன் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு." மச்சினன், "எனக்கு நிஜமாவே தெரியாதுங்க," என்றான். அது உண்மை. கருவிப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான், அதைப் பிடித்திருந்த கைகளைக் குறி பார்த்துக் குழாய் இறங்கியது. மச்சினன் பயத்தில் குனிந்தான். குழாய் கண்ணில் பட்டது.

அந்தச் சத்தத்தைப் பில்லு பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. பெரிய சத்தம்கூட இல்லை. மச்சினன் கத்தவும் இல்லை, கையால் முகத்தைப் பொத்தி, விரலிடுக்கில் வழிவதை இன்னொரு கண்ணால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். அதைப் பார்த்து அடித்தவர்களுக்கே கை கால் ஓடவில்லை. பிடி தளர்ந்த அந்த நேரத்தில் பில்லு அவனை இழுத்துக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக ஓடினான். பின்னாலிருந்து செங்கல் ஒன்று வந்து தோளில் விழுந்தது. மெயின் ரோட்டில் ஒரு டாக்ஸி அகப்பட்டது. ஆஸ்பத்திரி வாசலில், மச்சினனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய கையோடு, பணத்தைக் கொடுத்துவிட்டு, "பில்," என்றான் பில்லு. டாக்ஸிக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். ரசீதின் ஓரத்தில் பெருவிரல் அளவுக்கு ரத்தம்.

கம்பெனியின் கணக்குப் பிரிவில் பயணச் செலவுகளைச் சரிபார்க்கும் அம்மாவுக்குக் கத்திரி மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் வெறும் கத்திரி. வெட்டாமல் ஒரு கிளெய்மும் அவர் மேஜையைத் தாண்டியதில்லை. ஆனால் தன் சொந்த மாமனார் கொண்டுவந்தாலும் அதே வெட்டுத்தான் என்பதால் யாரும் அவரைப் பெரிதாகத் திட்டவும் முடியவில்லை.

பில்லு வெள்ளைத்தாளில் ரசீதுகளை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் இணைப்பு எண் போட்டுக் கொண்டுபோயிருந்தான். உதடு இன்னும் வீங்கித்தான் இருந்தது. மேடம் முதலில் அதைத்தான் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

"பஸ் டிக்கெட் ரெண்டு பேருக்கும் போக. சரி. லாட்ஜ் ஒரே ரூம், ரெண்டு பேர், வரம்புக்குள்ள இருக்கு. சரி. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வேன், டிரைவர் கையால எழுதின சீட்டு. அடிபட்ட இடத்துக்கு அச்சடிச்ச பில்லா கேக்கப் போறேன், சரி. டீ ரெண்டு..."

"டீ தினப்படியில அடங்கிடுது மேடம், தெரியும். சும்மா வச்சேன்."

"சும்மா வைக்கிறதுக்கு இது சாமான் அறையா." டீயின் மேல் சிவப்புப் பேனா ஓடியது. "டாக்ஸி. பாலிசி ஆறாவது பிரிவு, முன் அனுமதி வேணும்."

"கண்ணுலேர்ந்து ரத்தம் கொட்டுறப்ப எப்படி மேடம் முன் அனுமதி வாங்குறது."

"அவசரம்னா பின்னாடி வாங்கலாம், அதே பிரிவுல இருக்கு. உங்க மேனேஜர் கையெழுத்துப் போட்டிருக்கார், நான் பார்த்துட்டேன்." மேடம் தாளைப் புரட்டினார். முன்னும் பின்னும் பார்த்தார். "சர்வீஸ் ரிப்போர்ட் எங்க?"

பில்லு மடித்து வைத்திருந்ததை நீட்டினான். வேலை: கம்ப்ரெஸருக்குப் பூட்டு. நேரம், தேதி, மெக்கானிக் கையெழுத்து எல்லாம் இருந்தது. கீழே, வாடிக்கையாளர் கையெழுத்தும் முத்திரையும் என்ற கட்டம் மட்டும் காலி.

"இது இல்லாம நான் பாஸ் பண்ண முடியாது."

"மேடம், அவங்கதான் எங்களை அடிச்சாங்க."

"தெரியும். ரெண்டாவது பிரிவு. கையெழுத்தும் முத்திரையும் இல்லாத ரிப்போர்ட்டோட வர்ற கிளெய்ம் திருப்பி அனுப்பப்படும். போகாத இடத்துக்கெல்லாம் போனதா எழுதிப் பணம் வாங்கினாங்க ஒரு காலத்துல, அதுக்காகப் போட்டது." மேடம் குரலைத் தாழ்த்தினார். "உங்க பணம் ரெண்டு வாரம் கழிச்சு வந்தாலும் குடி முழுகாது. போயிட்டு அப்புறம் வாங்க."

பணத்துக்காக அவன் வரவில்லை. பணம் மட்டும் என்றால் பில்லு அதன் மேல் எச்சில் துப்பிவிட்டுப் போயிருப்பான். முந்தின நாள் கண் டாக்டர் வெளியே வந்து சொல்லியிருந்தார்: கிழிசலைத் தைத்தாயிற்று, உள்ளே விழித்திரை பிய்ந்து தொங்குகிறது, அடுத்த வாரத்துக்குள் இன்னொரு ஆபரேஷன் செய்தால் பார்வையில் கொஞ்சம் மிஞ்சும், இல்லையென்றால் அந்தக் கண் இல்லை. அதற்கான தொகையைக் கேட்டதும் பில்லுவின் பெண்டாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனியின் விபத்து இன்சூரன்ஸ் அத்தனையும் கொடுக்கும், வேலை நேரத்தில் அடிபட்டதாக இருந்தால். நிர்வாகப் பிரிவு அதிகாரியிடம் போனால் அவர் கையை விரித்தார்.

"டூர் அனுமதி இருக்கு. போறதுக்கு அனுமதி இருக்குங்கறதுக்குத்தான் அது சாட்சி. போனதுக்குச் சாட்சி, பாஸ் ஆன கிளெய்ம். இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் கேக்கறான். அதைக் கொண்டாங்க, அன்னைக்கே லெட்டர் தர்றேன்."

ஆக, மச்சினனின் கண் இப்போது ஒரு காலிக் கட்டத்தில் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"நம்பரைக் கேட்டாங்களாமே," என்றாள்.

"யார் சொன்னா?"

"அவன்தான். மாமாகிட்டதான் நம்பர் இருந்துச்சுன்னான். உங்களைக் குத்தம் சொல்லல, பாவம். நாலு எண்ணுக்கு என் தம்பி கண்ணைக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க. நான் சொல்றேன் குத்தம்."

பில்லுவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது, அது அவனுக்கு மட்டும் தெரியும். அந்த நம்பரை நினைத்தாலே அவனுக்குத் தன் முகத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினான். பையில் ரிப்போர்ட், பேனா, முப்பத்திரண்டாம் நம்பர் ஸ்பேனர். கையெழுத்து வாங்கத்தான் போகிறோம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முப்பத்திரண்டாம் நம்பர் ஸ்பேனர் முழங்கை நீளம் இருக்கும். பேனா எழுதாமல் போனால் உதவுமென்று யாரும் அதை எடுத்துப்போவதில்லை.

தொழிற்சாலையில் கதவு திறந்து கிடந்தது. தொழிலாளர்கள் அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள், வேலையும் இல்லாமல் வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல். அவனைக் கண்டதும் எழுந்தார்கள். ஃபோர்மேன் கண்ணாடித் தடுப்புக்குள் மேஜைக்குப் பின்னால் இருந்தான். மேஜையில் முத்திரையும் மை அட்டையும். முதலாளி மாதத்துக்கு ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத இடம் அது. மெஷின் வந்து இறங்கிய நாளிலிருந்து கம்பெனித் தாள்களில் கையெழுத்துப் போடுகிறவன் ஃபோர்மேன்தான்.

"துணிச்சல்தான்," என்றான் ஃபோர்மேன். "என்ன வேணும்?"

பில்லு ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தான். "இதுல ஒரு கையெழுத்து. நான் அன்னைக்கி இங்க வந்தேன்னு. வேற ஒண்ணும் இல்ல."

ஃபோர்மேன் படித்தான். உதட்டைப் பிதுக்கினான். "எங்க மெஷினைப் பூட்டினதுக்கு எங்ககிட்டயே கையெழுத்து. நல்லா இருக்கு உங்க நியாயம்." பேனாவை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினான். "போடறேன். நம்பரைச் சொல்லு."

அந்தக் கேள்வி மறுபடியும் வரும் என்று பில்லுவுக்குத் தெரியும். பஸ்ஸிலேயே பதிலும் தயார் பண்ணியிருந்தான். ஆனால் அதே குரல், அதே நிதானம், அதே இரண்டு சொல். தயார் பண்ணிய பதில் எங்கோ போய்விட்டது. மச்சினன் விரலிடுக்கில் வழிந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. பைக்குள் போன கை ஸ்பேனரோடு வெளியே வந்தது.

மேஜையைத் தள்ளிக்கொண்டு ஃபோர்மேன் மேல் விழுந்தான். மை அட்டை பறந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து கண்ணாடித் தடுப்பில் மோத, கண்ணாடி ஓரமாக விரிசல் விட்டு, மொத்தமும் அவர்கள் தலையில் கொட்டியது. பில்லு முழங்காலை ஃபோர்மேன் நெஞ்சில் ஊன்றினான். இடது கையால் கழுத்தைப் பிடித்து அழுத்தினான். கீழே கிடந்தவன் அவன் காதைப் பிடித்துக் கிழிக்கிற மாதிரி திருகினான். பில்லுவுக்கு அது வலிக்கவே இல்லை. ஸ்பேனரை ஓங்கி, ஃபோர்மேனின் வலது கண்ணைக் குறி பார்த்தான். கண்ணைத்தான். வேறெதையும் அவன் பார்க்கவில்லை.

ஃபோர்மேன் கையைக் குறுக்கே கொண்டுவந்தான். ஸ்பேனர் மணிக்கட்டில் இறங்கியது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். ஃபோர்மேன் அலறினான். பில்லு மறுபடி ஓங்கினான், மறுபடி அதே இடத்தில் இறக்கினான். இரண்டாவது அடிக்குக் காரணமே இல்லை. அடிக்கப் பிடித்திருந்தது, அதுதான் காரணம். அது அவனுக்கு அந்தக் கணமே தெரிந்தது, தெரிந்தும் மூன்றாவது முறையாகக் கை ஓங்கியது.

அதற்குள் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். பின்னாலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். யாரோ ஸ்பேனரைப் பிடுங்கி அவன் முட்டியிலேயே இறக்கினார்கள். கண்ணாடித் துண்டுகளின் மேல் அவனைக் கூடத்துக்கு இழுத்துப் போனார்கள், சட்டை கிழிந்து முதுகில் கோடு கோடாக ரத்தம் கண்டது. வாயில் விழுந்த உதையில் ஒரு பல் ஆடி, அடுத்த உதையில் தெறித்து விழுந்தது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தான். செத்துப்போனால் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்குமா என்றும் நினைத்தான். அடி வாங்கும்போது மனிதனுக்கு என்னென்னவோ தோன்றுகிறது.

"நிறுத்துங்கடா," என்றது ஃபோர்மேனின் குரல். சுவரைப் பிடித்தபடி எழுந்து நின்றிருந்தான். வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாகத் தொங்கியது. "அவனைக் கொன்னுட்டா நம்பர் போயிடும்."

எல்லோரும் நின்றார்கள். பேச்சில் நியாயம் இருந்தது.

ஒரு தொழிலாளி தன் வேனில் இருவரையும் ஏற்றிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனான். பக்கத்துப் பக்கத்து சீட். ஒருவன் வாயைத் துண்டால் அழுத்திக்கொண்டு, மற்றவன் கையை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் ஃபோர்மேன் கேட்டான்.

"அந்தத் தம்பி எப்படி இருக்கான்?"

"கண் போகப் போகுது. ஆபரேஷன் பண்ணணும். நீ கையெழுத்துப் போட்டாத்தான் இன்சூரன்ஸ்."

"நெத்தியில பட்டிருக்கும்னுதான் நினைச்சேன்," என்றான் ஃபோர்மேன். "கையைத்தான் குறி வச்சேன், பொட்டியைக் கீழ போடட்டும்னு. கண்ணுல பட்டுடுச்சு."

"நான் இன்னைக்கு உன் கண்ணைத்தான் குறி வச்சேன்."

"தெரியும்," என்றான் ஃபோர்மேன்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், இரண்டு இடத்தில் முறிவு. "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். ஃபோர்மேன் ஒளிக்கவில்லை. "ஸ்பேனரால அடிச்சான். இதோ உட்கார்ந்திருக்கானே, இவன்தான். காசும் இவன்தான் கட்டுவான்." டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் சீட்டில் எழுதினார். வலது மணிக்கட்டு முறிவு, மாவுக்கட்டு, காரணம் தாக்குதல். பில்லு பணத்தைக் கட்டினான். பழக்க தோஷம், "பில்," என்றான். கவுண்டரில் இருந்த பெண் சீட்டின் கீழேயே தொகையைப் போட்டு, பணம் கட்டியவர் என்று அவன் பெயரையும் எழுதிக் கொடுத்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பில்லுவுக்குச் சொல்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை, அது ஒன்றைத் தவிர.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு," என்றான்.

"என்ன?"

"நம்பர். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மெஷின் செஞ்ச இடத்துலேர்ந்து வர்றப்பவே அதுல இருக்கிற நம்பர். பூட்டுறப்ப மாத்தணும். பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு நான் மாத்தல."

ஃபோர்மேன் அவனையே பார்த்தான். "முதலாளி பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தோம்," என்றான். "கல்யாண நாள், வண்டி நம்பர், எல்லாம். இதை ஒருத்தனும் போடல. இவ்வளவு முட்டாள்தனமா யாரும் வைக்க மாட்டான்னு." சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பில் கை ஆடி வலி எடுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணீர் வழியச் சிரித்தான். பில்லு தலையைத் தூக்கவில்லை.

தொழிற்சாலைக்கு போன் போட்டு நம்பரைச் சொன்னான் ஃபோர்மேன். கொஞ்ச நேரத்தில் போனுக்குள்ளிருந்து மெஷின் முனகுவதும், பிறகு சீராக ஓடுவதும் கேட்டது. அவன் ரிப்போர்ட்டைத் தொடையில் வைத்து, வேன்காரன் போய் எடுத்துவந்த முத்திரையைக் குத்தினான். பேனாவை இடது கையில் பிடித்தான். கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து, அதன் கீழே அன்றைய தேதி.

கத்திரி மேடம் ரிப்போர்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தத் தொழிற்சாலையின் கோப்பை எடுத்துவந்தார். மெஷின் நிறுவிய நாளில் ஃபோர்மேன் போட்ட கையெழுத்து அதில் இருந்தது: சாய்வாக, சுழித்து, அடியில் கோடு இழுத்த கையெழுத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

"இது அவர் கையெழுத்து இல்ல."

"அவர்தான் போட்டார் மேடம். இடது கையால."

"ஏன்?"

பில்லு வாயைத் திறந்தான், பல் போன இடத்தில் காற்று புகுந்தது. "வலது கை உடைஞ்சிருந்துச்சு."

மேடம் அவன் முகத்தைப் பார்த்தார். போனமுறை பார்த்ததைவிட அதிகம் சிதைந்த முகம். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் பேனாவைக் கீழே வைத்த விதத்தில் தெரிந்தது. "வாய் வார்த்தையை நான் ஃபைல் பண்ண முடியாது. இன்சூரன்ஸ்காரன் இந்த ரெண்டு கையெழுத்தையும் பார்ப்பான், பார்த்ததும் பொய் கிளெய்ம்னு எழுதிடுவான். கை உடைஞ்சதுக்கு ஏதாவது காகிதம் இருந்தா..."

இருந்தது. எப்போதும் இருக்கும். சட்டைப்பையில் நாலாக மடித்து.

எடுத்து மேஜையில் வைத்தான். மேடம் படித்தார். காரணம் என்ற இடத்தில் விரல் நின்றது, பணம் கட்டியவர் என்ற இடத்தில் மறுபடி நின்றது.

"இதை வச்சா கிளெய்ம் பாஸ். கையெழுத்து ஏன் மாறிச்சுங்கறதுக்கு முழு விளக்கம் இது," என்றார் மெல்ல. "ஆனா இதுல உங்க பேர் இருக்கு. வாடிக்கையாளரைத் தாக்கிட்டு, செலவையும் கட்டிட்டு வந்திருக்கீங்க. என் மேஜையிலேர்ந்து இது மேல போகும். அப்புறம் உங்களை யாரும் காப்பாத்த முடியாது. நான் இன்னும் இணைப்பு நம்பர் போடல. வேணும்னா எடுத்துக்கங்க, நான் பார்க்கல."

கத்திரி மேடத்தின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. மேஜையிலிருந்த பசையைப் பில்லுவே எடுத்து, சீட்டின் பின்னால் தடவி, வெள்ளைத்தாளில் ஒட்டினான். ஓரம் தூக்காமல் பெருவிரலால் அழுத்தினான்.

"போடுங்க மேடம்."

இணைப்பு ஒன்பது என்று எழுதினார் மேடம். பிறகு மாவுக்கட்டுத் தொகையின் மேல் சிவப்புக் கோடு இழுத்தார். "இது பயணச் செலவுல வராது."

"தெரியும் மேடம்," என்றான் பில்லு.

சொன்னபடியே அன்று மாலைக்குள் இன்சூரன்ஸுக்கு லெட்டர் போனது. அடுத்த நாள் காலை மேனேஜர் பில்லுவைக் கூப்பிட்டார், கதவைச் சாத்தினார். அடித்ததற்கு ஒரு காகிதம், மெஷின் பூட்டைத் திறந்து விட்டதற்கு இன்னொரு காகிதம். இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடையாள அட்டையை மேஜையில் வைத்துவிட்டு வந்தான். பத்து வருஷத்தில் முதன்முதலாக, கொடுத்த பொருளுக்கு ரசீது கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து மச்சினனை வார்டுக்குக் கொண்டுவந்தபோது இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தது. கொஞ்சம் பார்வை மிஞ்சும் என்றார் டாக்டர், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தெரியுமாம். பில்லுவின் பெண்டாட்டி கட்டிலின் அந்தப் பக்கம் நின்று தம்பியின் காலை நீவிக்கொண்டிருந்தாள். பில்லு இந்தப் பக்கம்.

"மாமா."

"சொல்லு மாப்ள."

"அந்த நம்பர் என்ன மாமா?" குரலில் கோபமில்லை. "அன்னைக்கி அவங்க கேட்டப்ப எனக்குத் தெரியல. படுத்திருக்கிற நேரமெல்லாம் அதையேதான் நினைச்சிட்டிருக்கேன். எதுக்காகன்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லா இருக்கும்."

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பெரிய நம்பர், கஷ்டமான நம்பர் என்று ஏதாவது ஒன்றை அடித்துவிட்டிருக்கலாம். பெண்டாட்டியும் கால் நீவுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு," என்றான் பில்லு. "மாத்தாம விட்டுட்டேன் மாப்ள."

மச்சினன் வலது கையைத் தூக்கி, காற்றில் துழாவி, பில்லுவின் தோளைப் பிடித்தான். தோளிலிருந்து கழுத்துக்குப் போனான், கழுத்திலிருந்து தாடைக்கு. கன்னம் எது என்று கண்டுபிடித்ததும் கையைப் பின்னால் இழுத்து ஓங்கி அறைந்தான். கையிலிருந்த குளுக்கோஸ் குழாய் பிய்ந்து கட்டில் கம்பியில் அடித்தது. ஊசி இருந்த இடத்திலிருந்து ரத்தம் போர்வையில் தெறித்தது. மறுபடி துழாவினான். இந்த முறை கை மூக்கில் பட்டு, வீங்கிய உதட்டைக் கிழித்தது. மூன்றாவது அடி குறி தவறிக் காற்றில் போனது. பெண்டாட்டி நகரவில்லை, நர்ஸைக் கூப்பிடவும் இல்லை.

மச்சினன் மூச்சு வாங்கினான். கை இன்னும் காற்றில் தேடிக்கொண்டிருந்தது. எட்டட்டும் என்று பில்லு இன்னும் கொஞ்சம் குனிந்தான்.